ஏலத்துக்கு முன்பதிவு உண்டா?

ஏலம் என்ற சொல்லுக்குள் ஒரு நிச்சயமின்மை இருக்கிறது. பொருள் யாருக்குப் போகும், என்ன விலைக்குப் போகும் என்பது கடைசிக் கேள்வி விழும்வரை எவருக்கும் தெரியாது. முன்பதிவு என்ற சொல் அதற்கு நேர் எதிரானது. இருக்கையோ அறையோ பொருளோ இன்னாருக்கு, இன்ன விலைக்கு என்று முன்கூட்டியே உறுதி செய்வதே முன்பதிவு. ஆகவே “பறிமுதல் செய்யப்பட்ட இருசக்கர வாகனங்கள் இணையவழி ஏலம், விலை 14,000 ரூபாய் மட்டும், 1,999 ரூபாய் செலுத்தி இன்றே முன்பதிவு செய்க” என்று கைப்பேசியில் வந்துசேரும் விளம்பரம், அதன் சொற்களிலேயே தன்னை மறுத்துக்கொள்கிறது. ஏலம் என்றால் முன்பதிவுக்கு இடமில்லை. முன்பதிவு என்றால் அது ஏலமில்லை. இந்த முரண் கண்ணுக்குப் படாமல் போவது ஏன் என்பதே ஆராயத்தக்க கேள்வி.

பெங்களூரு நகர ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் ஒக்கலிபுரம் இக்கேள்வியைக் கேட்பதற்கு ஏற்ற இடம். ஒரு பக்கம் ஸ்ரீராமபுரம், மறுபக்கம் தண்டவாளங்கள் என அமைந்த, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி இது. சரக்கு ஏற்றி இறக்குவோர், வீடுவீடாகப் பொருள் கொண்டுசேர்ப்போர், இரவுப்பணி முடித்து விடியலில் திரும்புவோர் ஆகியோருக்கு இருசக்கர வாகனம் சொகுசு அன்று, தொழிற்கருவி. பொருள் கொண்டுசேர்க்கும் வேலையில் வண்டி இருப்பவருக்கு வேலை உண்டு. இல்லாதவருக்கு இல்லை, அல்லது வாடகை வண்டிக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதே கூலி. இந்நிலையில் உள்ள ஒருவருக்குக் குறைந்த விலையில் ஒரு வண்டி என்ற செய்தி வெறும் ஆசைகாட்டலாக வருவதில்லை. பல மாதங்களாகப் போட்டுவைத்த ஒரு கணக்குக்கு விடையாக வருகிறது.

அதோடு அச்செய்தி முற்றிலும் கற்பனையான உலகிலிருந்தும் வருவதில்லை. பெங்களூரின் காவல் நிலையங்கள் பலவற்றின் சுற்றுச்சுவரை ஒட்டி, துருவேறி, காற்றிறங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் வண்டிகளை அவ்வழியே போகும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவை என்றோ ஒருநாள் ஏலத்தில் போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எப்போது, எப்படி, யாருக்கு, என்ன விலைக்கு என்பது ஏறத்தாழ எவருக்கும் தெரியாது. பொய் ஏலம் குடியேறுவது இந்த இடைவெளியில்தான். ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று பழிக்கும் வழக்கமான தீர்ப்பு, இந்த இடைவெளியைப் பார்க்காமல் விடுவதால் பிழையானது.

முதலில் உண்மை ஏலம் எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். காவல்துறையின் பிடியில் உள்ள வாகனம் காவல்துறையின் சொத்து அன்று. அது வழக்கொன்றின் சான்றாகவோ உரிமையாளர் தெரியாத பொருளாகவோ அங்கே நிற்கிறது. அதை விற்கும் அதிகாரம் நீதித்துறை நடுவரின் ஆணை வழியாக வருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457, 458 ஆம் பிரிவுகள் இதை வகுத்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அவை 503, 504 ஆம் பிரிவுகளாக உள்ளன. உரிமையாளர் யாரென்று தெரியாதபோது நடுவர் அறிவிப்பு வெளியிட வேண்டும்; உரிமை கோருவோர் வர ஆறு மாத அவகாசம் தர வேண்டும். எவரும் வந்து உரிமையை நிறுவாவிட்டால்தான் பொருள் மாநில அரசின் கைக்கு வந்து விற்கப்படலாம். பறிமுதலுக்கும் விற்பனைக்கும் இடையில் இவ்வளவு தொலைவு இருக்கிறது. “நேற்றுப் பிடிபட்ட வண்டி, இன்று ஏலம்” என்று சொல்லும் எவரும் இந்தத் தொலைவை அறியாதவராக, அல்லது அறிந்தே மறைப்பவராக இருக்க வேண்டும்.

இந்தத் தாமதம் வண்டிகளை அழிக்கிறது என்பது நீதிமன்றங்கள் அறியாததன்று. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குஜராத் மாநிலம் என்ற வழக்கில் 2002 ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், வாகனங்களைக் காவல் நிலையங்களில் நீண்டகாலம் நிறுத்திவைப்பதில் பயனில்லை என்று கூறியது. உரிய பிணையும் புகைப்படமும் பெற்றுக்கொண்டு அவற்றை உரியவரிடம் விரைந்து ஒப்படைக்க வேண்டும், உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ பிறரோ கோராத வாகனத்தை நீதிமன்ற ஆணையின்படி ஏலம் விடலாம் என்றும் வழிகாட்டியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் காவல் நிலைய வாசல்களின் காட்சி பெரிதும் மாறவில்லை. வெயிலும் மழையும் பட்டு ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் சக்கரம் வெடித்திருக்கும், மின்கம்பிகளை எலி கடித்திருக்கும், சாவி இருக்காது, எந்திரம் இறுகியிருக்கும். ஏலத்தில் இவை தனித்தனி வண்டிகளாகப் போவதைவிடக் குவியல்களாகக் காயலான் கடைக்காரர்களிடம் போவதே மிகுதி. அங்கே விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது இரும்பின் விலை. விளம்பரப் படத்தில் பளபளவென்று நிற்கும் வண்டிக்கும் அந்த விலைக்கும் தொடர்பில்லை. பொய் ஏலத்தின் முதல் தந்திரம் இதுவே: காயலான் கடையின் விலையைக் காட்சியறையின் வண்டியோடு ஒட்டிவிடுகிறது.

ஓடும் நிலையிலுள்ள வண்டிகளும் ஏலத்துக்கு வருவதுண்டு. தவணை கட்டத் தவறியவரிடமிருந்து வங்கியோ நிதி நிறுவனமோ மீட்டவை அவை. அவற்றின் விலை ஏன் அவ்வளவு கீழே போக முடியாது என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் தமக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடனாளியிடம் திருப்பித் தர வேண்டும். கடன் தீராவிட்டால் எஞ்சிய பாக்கியும் கடனாளியின் தலையில்தான் விழும். ஆகவே அடிமாட்டு விலைக்கு விற்றால், “என் சொத்தை வீணாக விற்றுவிட்டார்கள்” என்று கடனாளி நீதிமன்றம் போக முடியும். 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் நடக்கும் விற்பனைகளில் அசையும் சொத்துக்கும் மதிப்பீடு பெற்று, தேவையெனக் கருதினால் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும், கடனாளிக்கு முப்பது நாள் அறிவிப்புத் தர வேண்டும், பொது ஏலமாயின் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதிகள் சொல்வது இதனால்தான்.

சுங்கத்துறையிலும் ஏறத்தாழ இதே தர்க்கமே. 1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 48 ஆம் பிரிவின்படி, இறக்கப்பட்ட சரக்கு முப்பது நாளுக்குள் விடுவிக்கப்படாவிட்டால், இறக்குமதியாளருக்கு அறிவிப்புத் தந்து, உரிய அதிகாரியின் அனுமதியோடு விற்கலாம். விற்ற பணம் எந்த வரிசையில் யாருக்குச் சேர வேண்டும் என்பதை 150 ஆம் பிரிவு எண்ணிச் சொல்கிறது. விற்பனைச் செலவு, சரக்குக் கட்டணம், சுங்கத் தீர்வை, சரக்கைப் பாதுகாத்தவரின் கட்டணம், அரசுக்கான பாக்கி எல்லாம் போக மிஞ்சுவது சரக்கின் உரிமையாளருக்கே. ஒரு பொருளின் விற்பனையில் இத்தனை பேருக்குப் பங்கு இருக்கும்போது, அதிகாரி ஒருவர் தம் விருப்பப்படி அதைப் பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தள்ளிவிட வழியில்லை. இத்தகைய அரசு ஏலங்கள் பலவற்றை எஃகு அமைச்சகத்தின்கீழ் உள்ள எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் இணையதளம் நடத்துகிறது. அங்கும் பதிவும் வைப்புத்தொகையும் உண்டு. அதனால்தான் பொய் ஏலக்காரர் “முன்பணம்” என்று கேட்கும்போது அது வழக்கத்துக்கு மாறானதாகத் தோன்றுவதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் தேவைப்படுகிறது. “முன்பணம் கேட்டால் மோசடி” என்ற எச்சரிக்கை எளிதாக இருக்கிறது, ஆனால் சரியாக இல்லை. உண்மை ஏலத்திலும் முன்பணம் உண்டு. அதற்குப் பிணைவைப்புத் தொகை என்று பெயர். கேள்வி கேட்க வருபவர் விளையாட்டுக்கு வரவில்லை என்பதை உறுதி செய்வதே அதன் வேலை. ஆகவே அது கேள்வியில் கலந்துகொள்ளும் எல்லோரிடமும் ஒரே அளவில் அல்லது ஒரே விகிதத்தில் வாங்கப்படுகிறது. தோற்றவர்களுக்குத் திரும்புகிறது, வென்றவருக்கு விலையில் கழிகிறது, வென்றபின் பின்வாங்குபவருக்கு மட்டுமே பறிபோகிறது. அது பொருளை வாங்கித் தருவதில்லை, கேட்கும் உரிமையை மட்டுமே தருகிறது.

முன்பதிவுக் கட்டணத்தின் இயல்பு வேறு. அது பொருளை உங்களுக்காக ஒதுக்கிவைத்திருப்பதாகச் சொல்கிறது. போட்டியாளர் இல்லை, கேள்வி இல்லை, தோற்பதற்கு வழியும் இல்லை. ஏலத்தில் தோற்க முடியாது என்றால் அங்கே ஏலமே நடக்கவில்லை. ஒருவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி “முன்பணம் உண்டா” என்பதன்று. “நான் தோற்றால் என்ன ஆகும்” என்பதே. உண்மை ஏலத்தை நடத்துபவரிடம் அதற்கு எழுத்தில் விடை இருக்கும்: இத்தனை நாளுக்குள், எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்ததோ அதே கணக்குக்குத் திரும்பும் என்று. பொய் ஏலக்காரரோ “நீங்கள் தோற்க மாட்டீர்கள்” என்பார்.

இரண்டாவது கேள்வி, விற்பனைக்குப் பின் வரும் காகிதத்தைப் பற்றியது. பொது ஏலத்தில் வாங்கிய வாகனத்தைத் தம் பெயருக்கு மாற்றுவதற்கு, வழக்கமான கைமாற்றத்துக்கு உரிய 29, 30 ஆம் படிவங்கள் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 57 ஆம் விதி, இதற்கெனத் தனியாக 32 ஆம் படிவத்தை வகுத்திருக்கிறது. வண்டி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தர வேண்டும். அதோடு, ஏலத்தை நடத்தும் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட விற்பனை உறுதி ஆணையும், ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசாணையின் சான்றிட்ட நகலும் வேண்டும். ஆகவே, “படிவம் 32க்கு உரிய ஆணையில் கையெழுத்திடுபவர் யார், எந்தப் பதவியில் இருப்பவர், ஏல ஆணையின் எண் என்ன” என்று கேட்பது வாங்குபவரின் அடிப்படை உரிமை. இக்கேள்விக்கு விடையாகப் பொய் ஏலக்காரர் பெரும்பாலும் ஓர் அடையாள அட்டையின் படத்தை அனுப்புவார். அதில் சீருடையும் முத்திரையும் இருக்கும். கேட்டது ஆணையின் எண். கிடைத்தது ஒருவரின் முகம்.

இனி, இம்மோசடி எவ்வாறு படிப்படியாக விரிகிறது என்பதை ஒரு மாதிரி நிகழ்வை வைத்துப் பார்க்கலாம். இதில் வரும் மனிதர் கற்பனை. தொகைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. ஆனால் படிகளின் வரிசை, இவ்வகை மோசடிகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவதே.

ஒக்கலிபுரத்தில் வாடகை வண்டியில் பொருள் கொண்டுசேர்க்கும் இளைஞர் ஒருவர், முகநூல் விளம்பரத்தில் ஒரு ஸ்கூட்டரைப் பார்க்கிறார். விலை 14,000 ரூபாய். அதே வண்டி பழைய வண்டிச் சந்தையில் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்ணுக்குச் செய்தி அனுப்பியதும் வண்டியின் பதிவு எண்ணும் நான்கு படங்களும் வருகின்றன. அவர் விவரம் அறியாதவரல்லர். அரசின் வாகனத் தகவல் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்க்கிறார். எண் உண்மை, வண்டியின் வகை உண்மை, காப்பீடும் நடப்பில் இருக்கிறது. அவர் மனம் தெளிகிறது. ஆனால் அந்தச் சோதனை நிறுவியது ஒன்றே ஒன்று: அப்படியொரு வண்டி நாட்டில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அது பறிமுதல் செய்யப்பட்டது என்பதையோ, செய்தி அனுப்பியவர் கையில் இருக்கிறது என்பதையோ அது நிறுவவில்லை. விற்பனை விளம்பரத்துக்காக யாரோ ஒருவர் பதிவேற்றிய படத்தையும் எண்ணையும் எடுத்துக்கொள்ள யாராலும் முடியும்.

முதலில் முன்பதிவுக் கட்டணம் 1,999 ரூபாய். செலுத்தியவுடன் முத்திரையிட்ட ரசீது வருகிறது, அதில் “ஏலத்தில் ஒதுக்கீடு உறுதி” என்று இருக்கிறது. மறுநாள், சரக்கு மற்றும் சேவை வரி 2,520 ரூபாய் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறார்கள். 14,000 ரூபாய்க்குச் சரியாகப் பதினெட்டு விழுக்காடு; கணக்கு சரியாக இருப்பதே நம்பிக்கையைக் கூட்டுகிறது. அடுத்து, தடையின்மைச் சான்றுக்கு 3,500. அதன்பின் வண்டி சரக்கு வாகனத்தில் ஏறிவிட்டதாக ஒரு படமும், போக்குவரத்துக் காப்பீட்டுக்காக 4,200 ரூபாய்க் கோரிக்கையும் வருகின்றன. வண்டி வந்ததும் இது திரும்பிவிடும் என்ற உறுதியோடு. இதுவரை போனது 12,219 ரூபாய். வண்டியின் விலையான 14,000 ரூபாயை யாரும் இன்னும் கேட்கவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்கவும் மாட்டார்கள். விலையைக் கேட்டால் வாங்குபவர் வண்டியைப் பார்த்த பிறகே தருவதாகச் சொல்வார். கட்டணத்துக்கு அந்த நிபந்தனையை யாரும் போடுவதில்லை. சிறு கட்டணங்களின் வரிசைதான் இங்கே விற்பனைப் பொருள். வண்டி அந்த வரிசையைத் தாங்கும் ஆணி மட்டுமே.

நான்காவது கட்டணத்தின்போது இளைஞருக்கு ஐயம் வந்துவிட்டது என்றும் கொள்ளலாம். ஆனால் நிறுத்தினால் 8,019 ரூபாய் போய்விடும், இன்னும் 4,200 கட்டினால் வண்டி வந்துவிடக்கூடும் என்ற கணக்கு அவரை நகர்த்துகிறது. இதுவும் பேராசை அன்று. போனதைக் காப்பாற்றும் முயற்சி. இறுதியில் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது கடைசிப் படி வருகிறது: பணம் திரும்ப ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை வருடி ரகசிய எண்ணைப் போடச் சொல்கிறார்கள். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அது பணம் அனுப்புவதற்கு மட்டுமே. அந்த எண்ணைப் போட்டதும் கணக்கில் எஞ்சியதும் வெளியேறுகிறது.

இந்த வரிசையில் ஏமாற்று வெளிப்படையாகத் தெரியக்கூடிய ஒரு தருணம் இருக்கிறது. அது முதல் கட்டணத்தின்போதே வருகிறது. பணம் செலுத்தும் முன் பெறுபவரின் வங்கிக் கணக்குப் பெயர் திரையில் தோன்றும். யுபிஐ பரிமாற்றங்களில் வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 இல் பணித்தது. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பும் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளிலும் பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை ரிசர்வ் வங்கி அதே ஆண்டில் கட்டாயமாக்கியது. அங்கே ஒரு தனிமனிதரின் பெயரோ கேள்விப்படாத வணிகப் பெயரோ தோன்றினால், அது அரசு ஏலம் அன்று. “அவர் எங்கள் காசாளர்” என்ற விளக்கம் ஆயத்தமாக இருக்கும். கர்நாடக அரசுக்குச் சேர வேண்டிய பணம் காசாளரின் சொந்தக் கணக்குக்குப் போவதில்லை; அதற்கு மாநிலக் கருவூலத்தின் கஜானே-2 தளமும் அதில் உருவாகும் செலான் எண்ணும் இருக்கின்றன.

இவ்வளவு குறைந்த விலை ஐயத்தைக் கிளப்பாதா, கொஞ்சம் நம்பத்தகுந்த விலையாகச் சொன்னால் மோசடிக்காரருக்கு இன்னும் பலர் சிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012 இல் எழுதிய கட்டுரை இதை ஒத்த கேள்வியை எடுத்துக்கொண்டது: நைஜீரிய மோசடிக்காரர்கள் தங்களை நைஜீரியர் என்று ஏன் சொல்லிக்கொள்கிறார்கள்? அவர் தந்த விடை, அந்த நம்பமுடியாமையே ஒரு சல்லடை என்பது. விளம்பரம் அனுப்புவதற்குச் செலவு மிகக் குறைவு. பதில் தருபவரோடு நாள்கணக்கில் பேசுவதற்கே செலவு. எளிதில் ஐயப்படுபவர் தொடக்கத்திலேயே விலகிவிட்டால், கடைசிவரை வரக்கூடியவர் மட்டும் எஞ்சுவார்.

இவ்விளக்கம் கூர்மையானது, ஆனால் ஒக்கலிபுரத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஹெர்லியின் சல்லடையில் தங்குபவர் எதையும் நம்புபவர். இங்கே தங்குபவரோ உண்மை ஏலத்தின் விலை என்னவென்று தெரிந்துகொள்ள வழியில்லாதவர். 14,000 ரூபாய் நம்பமுடியாத விலை என்று சொல்ல, நம்பத்தகுந்த விலை எது என்ற பட்டியல் ஒன்று வேண்டும். சென்ற மாதம் இந்நகரில் ஏலம் போன ஓடும் நிலை ஸ்கூட்டர்கள் இன்ன இன்ன விலைக்குப் போயின என்ற தகவல் அந்த இளைஞரின் கைக்கு எட்டுவதில்லை. அது இல்லாத இடத்தில் 14,000 என்பது மலிவு என்று மட்டுமே தெரியும். பொய் என்று தெரியாது.

கோரப்படாத பயணப்பெட்டி விற்பனையிலும் இதே அறியாமையே மூலதனம். விமான நிலையம் ஒன்றின் பெயரில் முகநூல் பக்கம் திறந்து, தொலைந்த பெட்டிகளைச் சில நூறு ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி, வங்கி அட்டை விவரங்களைக் கறக்கும் விளம்பரங்கள் உலகெங்கும் உலவியுள்ளன. கோரப்படாத பெட்டிகளை வாங்கி விற்கும் உண்மையான தொழில் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் 1970 முதல் அத்தகைய கடை ஒன்று நடந்துவருகிறது. விமான நிறுவனங்கள் உரியவரைத் தேடி இழப்பீடும் தந்து முடித்த பின்பே பெட்டிகள் அங்கே வருகின்றன. கடைக்காரர்கள் அவற்றைத் திறந்து, தரம் பிரித்து, பொருள்களைத் தனித்தனியே விலையிட்டு விற்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பதில்தான் அவர்களின் இலாபமே இருக்கிறது. உள்ளே மடிக்கணினி இருக்கக்கூடிய பூட்டிய பெட்டியைத் திறந்தும் பாராமல் சில நூறு ரூபாய்க்கு விற்பவருக்கு, பெட்டியை விற்பதில் அக்கறை இல்லை.

ஏமாந்த பின் என்ன நடக்கிறது என்பதில் ஒரு கசப்பான ஒப்புமை இருக்கிறது. 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ உடனே புகார் தந்தால், பணம் போய்ச்சேர்ந்த கணக்குகளில் அது எடுக்கப்படாமல் இருக்கும் பகுதியை நிறுத்திவைக்க முடியும். மணிக்கணக்கில் தாமதித்தால் அது பல இரவல் கணக்குகளைத் தாண்டி ரொக்கமாகிவிடும். அவ்வாறு நிறுத்திவைத்த பணம் உரியவரிடம் தானாகத் திரும்புவதில்லை. அண்மைக்காலம்வரை சிறு தொகைக்கும் அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டியிருந்தது. அது கோரப்பட்டது பழைய சட்டத்தின் 457 ஆம் பிரிவின்கீழ், இன்றைய 503 ஆம் பிரிவின்கீழ். அதாவது, கேட்பாரற்ற வண்டியைப் பற்றி எந்தப் பிரிவு பேசுகிறதோ அதே பிரிவின்கீழ்தான், அவ்வண்டியின் பெயரால் ஏமாந்தவரின் பணமும் உரிமையாளருக்காகக் காத்துக்கிடந்தது. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்காகப் பல நாள் கூலியை விட்டு நீதிமன்றம் ஏற முடியாதவரின் பணம், காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்கும் வண்டியைப்போலவே கேட்பாரற்றுப் போனது.

ஆகவே, எச்சரிக்கைச் சுவரொட்டிகளோடு இப்பிரச்சினையை முடித்துக்கொள்வது போதாது. “மலிவான ஏலங்களை நம்பாதீர்” என்ற அறிவுரைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: உண்மை ஏலங்களிலிருந்தும் எளிய மக்களை அது விலக்கிவைக்கிறது. பழக்கப்பட்ட சில காயலான் கடைக்காரர்களும் தரகர்களும் மட்டுமே கேள்வி கேட்க வருகிறார்கள். போட்டி குறைகிறது, விலை குறைகிறது, ஏலம் மேலும் மூடுண்டதாகிறது, அந்த மூடலே அடுத்த பொய் விளம்பரத்துக்கு இடம் தருகிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. காவல்துறை, போக்குவரத்துத் துறை, சுங்கத்துறை ஆகியவை பெங்களூரில் நடத்தும் ஒவ்வொரு வாகன ஏலத்துக்கும், அதற்கு முன் ஆணை எண், குறைந்தபட்ச விலை, வண்டியைப் பார்வையிடும் இடம், நாள் ஆகியவற்றையும், அதற்குப் பின் இறுதி விலையையும் ஒரே பொதுப் பட்டியலில் வெளியிட வேண்டும். ஏல அறிவிப்புகள் இன்றும் வெளிவரத்தான் செய்கின்றன. நாளிதழின் உள்பக்கங்களிலும் துறைவாரித் தளங்களிலும் சிதறிக்கிடக்கின்றன. எட்டாமல் இருப்பது முடிவு விலை. அது வெளிப்படையாக இருந்தால், 14,000 ரூபாய் விளம்பரத்தைப் பார்ப்பவர் அதை ஒப்பிட ஓர் எண் கிடைக்கும். வாங்கியவரின் பெயர் வேண்டியதில்லை; வண்டியின் வகை, ஆண்டு, நிலை, விலை என்ற நான்கு பத்திகள் போதும். கன்னடத்தோடு இந்நகரின் உழைப்பாளர் பேசும் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி மொழிகளிலும் அது கிடைத்தால், இடைத்தரகரின் விளக்கம் இல்லாமலேயே படிக்க முடியும்.

அரசுத் தகவல்களை மோசடிக்காரர்கள் நகலெடுத்துப் பயன்படுத்துவார்களே என்ற மறுப்பு எழக்கூடும். எழுத்துருவையும் முத்திரையையும் அவர்கள் ஏற்கெனவே நகலெடுக்கிறார்கள். ஆனால் வண்டி நிற்கும் இடத்தை நகலெடுக்க முடியாது. உண்மை ஏலத்தின் ஒவ்வோர் அறிவிப்பிலும் பொருளை நேரில் பார்வையிடும் நாள் குறிக்கப்பட்டிருக்கும். “உள்ளது உள்ளபடி” விற்பதால் பார்க்கும் வாய்ப்பைத் தருவது விற்பவரின் கடமை. ஒக்கலிபுரத்தில் இருப்பவர் பெங்களூரின் எந்தக் காவல் நிலையத்துக்கும் ஒரு பேருந்துச் சீட்டின் செலவில் போய் வந்துவிடலாம். பணம் செலுத்தும் முன் வண்டியைத் தொட்டுப் பார்த்து, அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட விடாதவரிடம் விற்பதற்கு வண்டி இல்லை.